ஒரே மைக், இரண்டு சம்பளம்

கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத அத்தை ஒருவர், "மாசம் எவ்வளவும்மா எடுக்குற?" என்று சத்தமாகக் கேட்பார். நாமும் கூச்சத்தோடு ஏதோ ஒரு தொகையைச் சொல்லி வைப்போம். ஆனால் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் இதே கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அதனால் அவர் சம்பளம் நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் தற்செயலாகத்தான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன்பு, வேறொரு வானொலி நிலையத்தில் இருந்தபோது.

காலை 6 மணி முதல் 10 மணி வரை எங்கள் நிகழ்ச்சி. வாரத்தில் மூன்று நாள் நான், மூன்று நாள் அவர். வேலை ஒன்றே. அவர் வயதில் என்னைவிடச் சிறியவர், 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக் கடன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "அக்கா, சரியா எழுதியிருக்கேனான்னு பாருங்க" என்றார். மாத வருமானம் என்ற கட்டத்தில் 6,150 ரிங்கிட் என்று இருந்தது. என் அடிப்படைச் சம்பளம் 4,137. நான் அங்கு சேர்ந்து எட்டு வருடம், அவர் சேர்ந்து இரண்டு வருடம்.

2,000 ரிங்கிட் வித்தியாசம்! அன்று தே தாரிக்கூட இறங்கவில்லை.

ஆனால் நான் ஒப்பிட்டது அவருடைய மொத்த வருமானத்தையும் என்னுடைய அடிப்படைச் சம்பளத்தையும். மறுநாள் அவரிடமே நேராகக் கேட்டேன். சம்பளச் சீட்டைக் காட்டினார். அடிப்படை 5,182. பெட்ரோல் படி 300, கைப்பேசிப் படி 100. இவை இரண்டும் எனக்கும் உண்டு. மீதி 568 அந்த மாதம் மேடை நிகழ்ச்சிகளை வழிநடத்தியதற்குக் கிடைத்தது. எனக்கும் சில மாதங்களில் அப்படி வரும். ஆக உண்மையான வித்தியாசம் 1,045 ரிங்கிட். 2,000 என்று நினைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போயிருந்தால், அவர் ஒரே வரியில் மறுத்திருப்பார். 1,045-உம் அதோடு அடிபட்டுப் போயிருக்கும். உங்களுக்கும் இப்படி ஒரு தொகை காதில் விழுந்தால், அது அடிப்படையா, படிகளோடு சேர்த்தா, ஒப்பந்த ஊழியருக்குரிய தொகையா என்று முதலில் பாருங்கள். சுயமாக வேலை செய்பவராக ஒப்பந்தம் போட்டவருக்கு முதலாளி சேமநிதி கட்டுவதில்லை என்பதால், அவர் கையில் வரும் தொகை பெரிதாகத் தெரியும்.

அடுத்த கேள்வி, ஏன்? நான் பெண், அவர் ஆண். முதலில் அங்கேதான் மனம் போனது. எங்களுக்குப் பிறகு வெளியிலிருந்து சேர்ந்த இன்னொரு பெண் அறிவிப்பாளரிடம் மெதுவாக விசாரித்தேன். அவரும் 5,000-ஐ ஒட்டித்தான் வாங்கினார். ஆகவே காரணம் பால் அல்ல, சேர்ந்த தேதி. அப்படி இல்லாமல் பெண்கள் எல்லாரும் கீழே, ஆண்கள் எல்லாரும் மேலே என்று இருந்திருந்தால் பாதை வேறு. வேலைவாய்ப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 69எஃப் பிரிவின்படி, 2023 ஜனவரி 1 முதல், பாகுபாடு தொடர்பான புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்க முடியும். முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் உள்ள சம்பள வித்தியாசத்தை மட்டும் வைத்து அதைப் பாகுபாடு என்று நிறுவுவது சுலபமல்ல.

சேர்ந்த தேதி எப்படிச் சம்பளத்தைக் கீழே இழுக்கிறது? நான் 2,800 ரிங்கிட்டில் சேர்ந்தேன். ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு, எட்டு முறை. கூட்டிப் பார்த்தால் 4,137. யாரும் என்னை ஏமாற்றவில்லை. அவரை வேறு நிலையத்திலிருந்து இழுத்து வர வேண்டியிருந்ததால், அப்போதைய சந்தை விலையாக 4,700 கொடுத்தார்கள். அதன் மேல் இரண்டு முறை 5 விழுக்காடு. உள்ளே இருப்பவருக்கு விழுக்காடு, வெளியிலிருந்து வருபவருக்குச் சந்தை விலை. இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இருவருக்கும் அதே 5 விழுக்காடு தொடர்ந்தால் வித்தியாசம் அப்படியே நிற்காது, வளரும். ஐந்து வருடத்தில் 1,300-ஐத் தாண்டிவிடும். சேமநிதியில் என் பங்கையும் முதலாளி பங்கையும் சேர்த்துப் பார்த்தால், அவருக்கு மாதம் சுமார் 200 ரிங்கிட் கூடுதலாகச் சேர்ந்துகொண்டிருந்தது. 'பொறுமையாக இரு, எல்லாம் தானாகச் சரியாகும்' என்று அம்மா சொன்னார். இந்தக் கணக்கில் தானாகச் சரியாக வழியே இல்லை.

எனவே ஆண்டு உயர்வைக் கேட்பதில் பயனில்லை என்று முடிவு செய்தேன். 5,100-க்கு வர 23 விழுக்காடு வேண்டும்; 5 விழுக்காடு பிரித்துக் கொடுக்கும் பட்ஜெட்டிலிருந்து எந்த மேலாளராலும் அதைத் தர முடியாது. 'சம்பளச் சீரமைப்பு' என்று தனியாகக் கேட்டேன். எங்கள் நிலையத்தில் அடுத்த ஆண்டு பட்ஜெட் செப்டம்பரில் தயாராகும். ஆகஸ்டு நடுவில் நேரம் கேட்டேன். ஒரே ஒரு தாள் கொண்டுபோனேன். சேர்ந்தபோது வார இறுதி நிகழ்ச்சி மட்டும். இப்போது காலை நிகழ்ச்சி, விளம்பரதாரர் பகுதிகள், புதியவர் இருவருக்குப் பயிற்சி. அதன் கீழே, மற்ற நிலையங்களில் இந்த வேலைக்கு 4,800 முதல் 5,400 வரை தருகிறார்கள் என்று நான் விசாரித்த விவரம். சக அறிவிப்பாளரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம்பிக் காட்டியவரை மாட்டிவிடக் கூடாது. பல நிறுவனங்களின் வேலை ஒப்பந்தத்தில் சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியும் இருக்கும்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று மேலாளர் கேட்டார். கேட்பார் என்று தெரியும்.

"வெளியில விசாரிச்சேன் சார். நான் நாளைக்குப் போயிட்டா, இந்த இடத்துக்கு எவ்வளவு கொடுத்து ஆள் எடுப்பீங்க?"

மிரட்டலாக இல்லாமல், சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஜனவரி முதல் 4,600. கேட்க நன்றாக இருந்தது. "வருடாந்திர உயர்வு இதுல சேர்ந்ததா சார்?" என்றேன். சேர்ந்ததுதான். அந்த 5 விழுக்காடு மட்டும் வந்திருந்தாலே நான் 4,344-ல் இருந்திருப்பேன். சீரமைப்பு என்று அவர்கள் தந்தது 256 ரிங்கிட் மட்டுமே. இந்தக் கணக்கையும் அதே தாளின் பின்பக்கத்தில் எழிதிக் காட்டினேன். கடைசியில் ஜனவரியில் 4,800, ஜூலையில் 5,050 என்று முடிந்தது. இரண்டாவது தொகையையும் தேதியையும் கடிதத்தில் எழுதித் தரச் சொன்னேன். மேலாளர் மாறினால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். அந்த நிலையத்தில் நான் இருந்த காலத்திலேயே மூன்று மேலாளர்கள் மாறினார்கள்.

ஜூலையில் நண்பர் 5,441-ல் இருந்தார். வித்தியாசம் 391. அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவருக்கு வீட்டுக் கடன் கிடைத்தது. அடுத்த வருடம் புதிதாக ஒருவர் 5,900-க்குச் சேர்ந்தார். "அக்கா, அந்தத் தாளை எப்படி எழுதினீங்க?" என்று கேட்டு நண்பர் வந்தார்.