உங்களை எப்படி அழைக்க வேண்டும்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜாசினில் அக்கா வீட்டில் இருந்தேன். திங்கட்கிழமை அக்கா மகளுக்கு ஆயர் குரோவில் முதல் வேலை, கணக்குப் பிரிவில். வேலைக் கடிதம் ஆறு பக்கம். அதை மூன்று முறை படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "சித்தி, எந்த வாசல்ல நுழையறது? சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகலாமா?" ஆறு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை.

அப்போதுதான் கைப்பேசியில் அவளுடைய டீம் லீட் அனுப்பிய செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"வணக்கம். நான்தான் உங்கள் குழுவை வழிநடத்துகிறேன். திங்கட்கிழமை 8.45க்கு வந்தால் போதும். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய வாசலில் என் பெயரைச் சொல்லுங்கள், நானே கீழே வந்து அழைத்துப் போகிறேன். மைகார்டு, வங்கிக் கணக்கு எண், இபிஎப் எண் இருந்தால் அதையும் கையில் கொண்டு வாருங்கள். புலனத்தில் அனுப்ப வேண்டாம். முதல் வாரம் நீங்கள் எதையும் முடித்துத் தர வேண்டியதில்லை. பக்கத்து மேசைக்காரரோடு உட்கார்ந்து மாதக் கணக்கு முடிப்பதைப் பாருங்கள். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், நீங்கள் சாப்பிடாதது இருந்தால் சொல்லுங்கள். கடைசியாக ஒன்று: உங்களை நாங்கள் எப்படி அழைக்க வேண்டும்?"

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

நம் மைகார்டில் குடும்பப் பெயர் கிடையாது. நம் பெயர், பிறகு 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். கணினிப் படிவமோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். என் முதல் வேலையில் வந்த வரவேற்பு மின்னஞ்சல் அப்பா பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போட்டுத்தான் தொடங்கியது. எனக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் அப்பா பெயரில்தான். அதை மாற்ற மூன்று வாரம் ஆனது. அதுவரை கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து நிற்பேன். அப்பா பால்மரம் வெட்டியவர். "காலையில பெரட்டுல கங்காணி கூட என்னை என் பேரைச் சொல்லித்தானம்மா கூப்பிட்டாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவள் முதல் நாளே தவறு சுட்டிக்காட்டினால் என்ன நினைப்பார்களோ என்று பயந்தே ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன்.

புதியவர் இப்படித்தான் இருப்பார், கேட்கமாட்டார். அதனால்தான் டீம் லீட் முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூகளில் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ போக் 2015இல் வந்த தம் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். புதியவர் சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மேலாளருக்கு ஒரு நினைவூட்டல் போகும். வேலை என்ன என்று பேசுங்கள், உதவிக்கு ஒரு சக ஊழியரைச் சேர்த்துவிடுங்கள், ஆட்களை அறிமுகப்படுத்துங்கள், முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள், மனம் திறந்து பேச விடுங்கள். அவ்வளவுதான். அதன்படி செய்த மேலாளர்களின் புதியவர்கள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு வேகமாக முழுத் திறனுக்கு வந்தார்களாம்.

இந்த ஐந்தில் முதல் இரண்டும் அக்கா மகளுக்கு வந்த செய்தியிலேயே இருந்தன, கவனித்தீர்களா? பக்கத்து மேசைக்காரர், மாதக் கணக்கு. 'எங்கள் குடும்பத்துக்கு வருக' என்ற வரி மட்டும் இல்லை. எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை. சோதனைக் காலத்தில் இருப்பவரிடம் குடும்பம் என்று சொல்லிவிட்டு ஆறு மாதத்தில் வேலையை உறுதிப்படுத்தாமல் அனுப்பினால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

ஒரே ஓர் இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். புதியவர் வந்து சேரும் முன்பே குழுப் புலனத்தில் அவர் படத்தைப் போட்டு, வயது, ஊர், கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பது வரை எழுதிவிடுவார்கள், அன்பாகத்தான். அவர் உள்ளே வரும்போது எல்லோருக்கும் அவரைத் தெரியும், அவருக்கு ஒருவரையும் தெரியாது. இந்த டீம் லீட் அறிமுக வரிகளை ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே அனுப்பி, "இது சரியா, எதையாவது எடுக்கணுமா?" என்று கேட்டாராம். தோட்டத்தின் பெயரை எடுக்கலாமா என்று யோசித்தவள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதில் எழுத அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. நன்றி சொல்லி, மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சொல்லி, கடைசியில் தன் பெயரை மட்டும் எழுதினாள்.

திங்கட்கிழமை இரவு அவளுடைய பணியாளர் அட்டையின் படம் குடும்பப் புலனத்தில் வந்தது. பெரிய எழுத்தில் அவள் பெயர். கீழே மாமாவின் கேள்வி: "என் பேரு எங்கம்மா?"