விரும்பிய இடம் இருக்கட்டும், நடந்த தடம் வேண்டாம்

பணி மாற்றம் நம்மில் பலருக்கும் புதிதன்று. புணேயில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் கைபேசியிலுள்ள கூகுள் வரைபடத்தில் இருவகை நினைவுகள் தங்கியிருக்கும். ஒன்று, அவர்களே விரும்பிக் குறித்து வைத்த இடங்களின் பட்டியல். மற்றொன்று, கைபேசி தானாகவே எழுதிவைத்த நாட்குறிப்பு. என்று, எந்நேரம், எங்குச் சென்றார்கள், எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். Timeline என்பது அதன் பெயர். முதலாவதைப் பேணுவதும் இரண்டாவதை அழிப்பதுமே அறிவுடைமை என்பது நம் கருத்து.

காரணம் எளிது. துளசி பாக் அங்காடியில் நமக்குப் பிடித்த பாத்திரக் கடையைப் பட்டியலில் சேர்ப்பது நாம் தேர்ந்த செயல். அந்நாட்குறிப்போ தேர்வதில்லை. மருத்துவமனைக்குச் சென்றதையும், நகை அடகு வைக்கச் சென்றதையும், வீடு நாள்தோறும் எத்தனை மணி முதல் பூட்டியிருக்கிறது என்பதையும் அது ஒரே சீராகப் பதிந்துகொள்கிறது. காவல்துறை இடைவிடாது கண்காணிக்க வழிசெய்யும் நிபந்தனையைப் பிணையில் விதித்தல் தனியுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே கிடைத்த அந்தக் காப்பை நாம் நம் கையாலேயே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எனினும், உடனே அழித்துவிடுதல் தகாது. முறை முக்கியம். லட்சுமி சாலையருகே ஒரு சந்தில் மழைநாளொன்றில் உண்ட மிசல் கடையின் பெயர் நினைவில் இராது. நாள் மட்டும் நினைவில் இருக்கும். அப்பெயரை மீட்டுத் தருவது அந்த நாட்குறிப்புத்தான். ஆகவே முதலில் Your Timeline பகுதியைத் திறந்து, நினைவிலுள்ள நாட்களுக்குச் சென்று, வேண்டிய இடத்தைத் தொட்டு Save என்பதை அழுத்திப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. கடைகள் நெருங்கியிருக்கும் சந்துகளில் அது பக்கத்துக் கடையின் பெயரைக் காட்டிவிடுவதுண்டு. படத்தையும் முகவரியையும் பார்த்து உறுதி செய்துகொள்வது நலம்.

சேர்க்கும்போது பட்டியல் தனிப்பட்டதாக, அதாவது Private என்று இருக்கிறதா எனவும் காண்க. உறவினருக்கு அனுப்புவதற்கெனப் பொதுவாக்கிய பட்டியலில் நம் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் இடம்பெறலாகாது.

அடுத்ததே அழித்தல். இங்கேதான் பலரும் இடறுகின்றனர். பதிவை நிறுத்தினால் இனி எழுதப்படாது. முன்பு எழுதியது அப்படியே இருக்கும். பழையதை அழித்தால் அது போய்விடும். ஆனால் நாளை முதல் மீண்டும் எழுதப்படும். இரண்டையும் செய்தால்தான் பணி முடியும். அமைப்புகளில் இரண்டும் தனித்தனியே உள்ளன. முழுவதும் நிறுத்த மனமில்லாதவர்கள் Auto-delete என்பதில் மூன்று மாதத்தைத் தேர்ந்தால் அதற்கு முற்பட்டவை தாமே நீங்கிக்கொண்டிருக்கும்.

2023 டிசம்பரில் இந்நாட்குறிப்பை நிறுவனத்தின் கணினிகளில் வைக்காமல் அவரவர் கைபேசியிலேயே வைக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. இதனால் இரு விளைவுகள். கைபேசி மாறினால் காப்புப்படி எடுக்காதவரின் நாட்குறிப்பு புதியதற்கு வாராது. பட்டியலோ கணக்கோடு சேர்ந்திருப்பதால் தானே வந்துவிடும். இரண்டாவது, ஒரு கைபேசியில் அழித்தால் வீட்டிலுள்ள மற்றொன்றில் அழிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. காப்புப்படி எடுத்திருந்தால் அதையும் தனியே நீக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு வாயில் திறந்தே இருக்கும். Web & App Activity என்னும் வேறொரு பதிவு, நாம் தேடிய இடங்களையும் கேட்ட வழிகளையும் குறித்து வைக்கிறது. இருப்பிட வரலாற்றை நிறுத்திய பின்னும் இதன் வழியே இருப்பிடம் சேமிக்கப்பட்டதை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொணர்ந்தது. அமெரிக்க மாநிலங்கள் நாற்பதுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2022-இல் அந்நிறுவனம் 39 கோடி டாலருக்கு மேல் செலுத்த இசைந்தது. ஆகவே கணக்கு அமைப்பில் அதையும் பார்த்து நிறுத்துவதே முழுமையான செயல்.

செய்து முடித்தோமா என்று அறிவதும் எளிதே. மறுநாள் வெளியே சென்று வந்தபின் நாட்குறிப்பைத் திறக்க வேண்டும். அன்றைய பக்கம் வெறுமையாக இருக்கும். பட்டியலைத் திறந்தால் மிசல் கடையும் பாத்திரக் கடையும் இருந்த இடத்திலேயே இருக்கும். புணேயிலிருந்து சென்னைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை அவையே.