வார்ட்டன் அவுஃப்: பஸ்ஸுக்குக் காத்திருப்பதா, பஸ் மேல் காத்திருப்பதா?

நம்ம வகுப்பிலேயே நாலைந்து பேர் ஜெர்மன் படிக்கிறார்கள். ஒருத்தருக்கு அங்கே போய் மேல்படிப்பு, இன்னொருத்தர் வீட்டில் அக்காவுக்கு நர்ஸ் வேலை. எல்லோர் நோட்டிலும் ஒரே பட்டியல்: இந்தப் பக்கம் வினைச்சொல், அந்தப் பக்கம் அர்த்தம். இந்தப் பட்டியல் பாதிக் கணக்குதான் என்பது என் கட்சி. டெபிட் மட்டும் எழுதி கிரெடிட்டை விட்ட ஜர்னல் என்ட்ரி மாதிரி!

‘காத்திரு’ என்பதற்கு ஜெர்மனில் வார்ட்டன். சரி, எதற்காக என்று எப்படிச் சொல்வது? புதுச்சேரிக்காரருக்குக் கையில் மூன்று மொழி இருக்கிறது. மூன்றுமே இங்கே காலை வாரும். தமிழில் பஸ்ஸுக்காக, ஆங்கிலத்தில் ‘ஃபார்’. இரண்டையும் நம்பினால் ‘ஃப்யூர்’ என்று போடத் தோன்றும். பள்ளியில் ஃப்ரெஞ்சு எடுத்தவர்கள் ‘அத்தாந்த்ர்’ என்ற வினையை நினைத்து எதுவுமே போடாமல் விடுவார்கள், அங்கே பஸ் நேராகச் செயப்படுபொருள். ஜெர்மனோ ‘அவுஃப்’ கேட்கிறது. அவுஃப் என்றால் ‘மேல்’. ஏன் மேல் என்று கேட்டால் பதில் கிடையாது. நாம் மட்டும் என்ன, ‘அவனை நம்பு’, ‘அவனிடம் கேள்’, ‘அவனோடு சண்டை போடு’ என்று வினைக்கு வினை உருபு மாற்றுகிறோமே, காரணம் யோசித்தா மாற்றுகிறோம்?

அவுஃப் போட்டாச்சு என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்து வேற்றுமை. அவுஃப், ஆன், இன், யூபர், ஃபோர் போன்ற சில பிரிபொசிஷன்கள் இரண்டு வேற்றுமையும் ஏற்கும்: அக்குஸாட்டிவ் (நம்ம ‘ஐ’ மாதிரி), டாட்டிவ் (நம்ம ‘கு’ மாதிரி). வகுப்பில் சொல்லித் தரும் விதி: ‘எங்கே?’ என்றால் டாட்டிவ், ‘எங்கே நோக்கி?’ என்றால் அக்குஸாட்டிவ். அருமையான விதிதான், ஆனால் இடத்தைச் சொல்லும்போது மட்டும். காத்திருப்பவன் நகர்வதில்லையே என்று இந்த விதிப்படி டாட்டிவ் போட்டால், ‘இஷ் வார்ட்டெ அவுஃப் டெம் புஸ்’ என்று வரும். (பஸ்ஸுக்கு அங்கே புஸ்!) அர்த்தம்: நான் பஸ் கூரை மேல் உட்கார்ந்து காத்திருக்கிறேன். சரியானது ‘அவுஃப் டென் புஸ்’, அக்குஸாட்டிவ். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் :-)

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால்? ‘இஷ் வார்ட்டெ அவுஃப் டெம் பான்ஹோஃப் அவுஃப் டென் ட்ஸூக்.’ ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். முதல் அவுஃப் வெறும் இடம், அதனால் டாட்டிவ். அதைத் தூக்கிவிட்டு ‘ஸ்டேஷனுக்கு முன்னால்’ என்று மாற்றினாலும் வாக்கியம் நிற்கும். இரண்டாவது அவுஃப் வினையோடு தாலி கட்டியது, மாற்ற முடியாது. கேள்வி கேட்டும் பிரித்துவிடலாம்: முதலாவதற்கு ‘வோ?’ (எங்கே), இரண்டாவதற்கு ‘வோராவுஃப்?’ (எதற்காக). ஆளுக்காகக் காத்திருந்தால் மட்டும் ‘அவுஃப் வேன்?’

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். மிட், ஃபோன், நாக், அவுஸ், ட்ஸூ எப்போதும் டாட்டிவ். ஃப்யூர், உம், கேகன் எப்போதும் அக்குஸாட்டிவ். அங்கே வேலையே இல்லை. வினையோடு ஒட்டிய அவுஃப் பெரும்பாலும் அக்குஸாட்டிவ். நர்ஸ் அக்காவுக்குத் தேவைப்படும் ‘ஆக்ட்டன் அவுஃப்’ (கவனித்துக்கொள்) அப்படித்தான்: ‘அவுஃப் டென் ப்லூட்ட்ரூக்’, ரத்த அழுத்தத்தைக் கவனி. ‘பெஷ்டேயன் அவுஃப்’ (பிடிவாதமாக நில்) மாதிரி சிலது மட்டும் டாட்டிவ். பேச்சு, சிந்தனை வினைகளோடு வரும் யூபர் அக்குஸாட்டிவ். உண்மையான தொல்லை ‘ஆன்’தான். ‘டெங்க்கன் ஆன்’ (நினை) அக்குஸாட்டிவ், ‘டைல்னேமன் ஆன்’ (கலந்துகொள்) டாட்டிவ். இங்கே எந்த விதியும் கைகொடுக்காது.

அதனால் நான் சொல்வது இதுதான். நோட்டில் ‘வார்ட்டன் = காத்திரு’ என்று எழுதாதீர்கள். ‘வார்ட்டன் அவுஃப் டென் புஸ்’ என்று முழுசாக எழுதுங்கள். கூட வைக்கும் பெயர்ச்சொல் ஆண்பாலாக இருக்கட்டும். ஆண்பாலில்தான் எழுவாய் டெர், அக்குஸாட்டிவ் டென், டாட்டிவ் டெம் என்று மூன்றும் மூன்று முகம். பெண்பாலில் டாட்டிவ் ‘டெர்’ என்று வந்து ஆண்பால் எழுவாயோடு குழப்பும். வேற்றுமையின் பெயரைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை, ‘டென்’ அதைச் சொல்லிவிடும்.

பட்டியல் நீளமாகும், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்குப் பதில் எட்டுதான் ஏறும் என்பீர்கள். ஏறட்டுமே. அந்த எட்டையும் வைத்து வாக்கியம் பேசலாம். அந்த இருபதை வைத்து பஸ் கூரை மேல்தான் உட்காரலாம். மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வாங்க!