விமானத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கோவில்பத்தில் எங்கள் தெருவில் யாராவது விமானம் ஏறப் போகிறார்கள் என்றால், டிக்கெட் விலையைவிட அதிகம் பேசப்படுவது எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதுதான். "எவ்வளவு சீக்கிரம் போனாலும் தப்பில்லை" என்பது என் மனைவியின் கட்சி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன், "ஒன்றரை மணி நேரம் முன்னால போனா போதும் தாத்தா" என்பான். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டு அவதிப்பட்டவன் நான்.

முதலில் மனைவியின் கட்சி. நாங்கள் முதன்முறை சிங்கப்பூர் போனபோது, திருச்சி விமான நிலையத்துக்கு ஏழு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். செக்-இன் கவுன்ட்டர் திறந்தால்தானே? வெளிநாட்டு விமானத்துக்குப் பொதுவாக மூன்று மணி நேரம் முன்னால்தான் திறப்பார்கள். அதுவரை பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டு, இவள் முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் கழிப்பறைக்குப் போனால் அவள் காவல், அவள் போனால் நான் காவல். விமானத்தில் ஏறும்போது இருவருக்கும் பாதி உயிர்தான் இருந்தது.

இனி பேரனின் கட்சி. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு போனவர். விமானம் கிளம்ப 50 நிமிடம் இருக்கும்போது கவுன்ட்டர் முன் போய் நின்றார். விமானம் கண்ணெதிரே நிற்கிறது, கவுன்ட்டர் பெண் மூடியாகிவிட்டது என்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போகிறவர். கெஞ்சிப் பார்த்தார், பலிக்கவில்லை. மறுநாளைக்கு வேறு டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

அதன் பிறகு எனக்குப் புரிந்தது இது. டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரம் விமானம் நகரும் நேரம். நமக்கு வேண்டியது கவுன்ட்டர் மூடும் நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்னால் மூடுகிறார்கள். வெளிநாட்டுக்கு 60 என்பவர்களும் உண்டு, 75 என்பவர்களும் உண்டு. உங்கள் டிக்கெட்டிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு கேட் மூடுவது என்று ஒன்று, சுமார் 25 நிமிடம் முன்னால். கணக்கை இந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

பேரன் பொய் சொல்லவில்லை. அவன் பயணம் வேறு. தோளில் ஒரு பை, போர்டிங் பாஸ் முதல் நாளே போனில் வந்துவிடும், பெங்களூரில் டிஜியாத்ரா என்று முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. அவனுக்கு இருக்கும் ஒரே வரிசை பாதுகாப்புச் சோதனை. அப்படிப்பட்ட உள்நாட்டுப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பெட்டி போட வேண்டும், சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம் என்றால் உள்நாட்டுக்கே இரண்டு மணி நேரம் வையுங்கள். சென்னை என்றால் இன்னும் அரை மணி கூட்டுங்கள். அங்கே உள்நாட்டுக்கு 1, 4 என்று இரண்டு முனையங்கள். தப்பான வாசலில் இறங்கினால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவே நேரம் போய்விடும்.

வெளிநாடு என்றால் வரிசைகள் கூடுகின்றன. வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள், பத்து நிமிடம். அடுத்தது கவுன்ட்டர். இங்கேதான் நேரத்தைத் தின்பது. ஒரு விமானத்தில் 180 பேர், நான்கு கவுன்ட்டர் என்றால் ஒரு கவுன்ட்டருக்கு 45 பேர். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நம் ஆட்களோ புளி, கருவாடு, முறுக்கு என்று எடையைத் தாண்டி, அங்கேயே பெட்டியைப் பிரித்து மாற்றி அடுக்குவார்கள். போதாததற்கு, சிங்கப்பூர் போகிறவர்கள் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். மலேசியாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதை நிரப்பாமல் வந்து, கவுன்ட்டர் முன் நின்றுகொண்டு மகனுக்குப் போன் போடுகிறவர்கள் எல்லா விமானத்துக்கும் உண்டு. அவர்களுக்குப் பின்னால் நிற்பது நாம்தான்.

அது முடிந்தால் இமிகிரேஷன். திருச்சியில் புதுக் கட்டடம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தபின் இடம் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் இரவில் அடுத்தடுத்து இரண்டு மூன்று விமானம் இருந்தால் எல்லாக் கூட்டமும் அங்கே ஒன்றாகச் சேரும். அரை மணி, முக்கால் மணி ஆகலாம். பிறகு பாதுகாப்புச் சோதனை ஒரு 20 நிமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டே கால் மணி வருகிறது. கேட் மூடும் 25 நிமிடத்தையும் சேர்த்தால் இரண்டே முக்கால். மூன்று மணி நேரம் என்று சொல்வது சும்மா இல்லை. அதற்கு முன்னால் போய்ப் பயனும் இல்லை, ஏனென்றால் கவுன்ட்டர் திறந்திருக்காது. திறக்கும்போது வரிசையில் முன்னால் நிற்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகிவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான சங்கடம் விமான நிலையத்தில் இல்லை, சாலையில்தான். நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு பக்கம் காரைத் திருப்பவே கூடாது. நாகூர் கந்தூரி சமயத்தில் அந்த வழியும் ஆகாது. தை மாதம் அறுவடை மெஷினும் நெல் லாரியும் முன்னால் ஊர்ந்து போகும், விடியற்காலையில் பனிமூட்டம் வேறு. ஆகவே கூடுதலாக வைக்கும் நேரத்தைச் சாலைக்கு வையுங்கள், ஒரு மணி நேரம். விமான நிலையத்துக்கு மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

இரவு 11.30க்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். 8.30க்கு வாசலில் இருக்க வேண்டும். சாலைக்கு நான்கு, கூடுதல் ஒன்று. மாலை 3.30க்குக் கிளம்பலாம். ஒன்றும் நடக்காவிட்டால் 7.30க்குப் போய்ச் சேர்ந்து, கட்டிக்கொண்டு போன தயிர்ச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். டயர் பஞ்சராகி ஒன்றரை மணி நேரம் போனாலும் 9 மணிக்கு அங்கே இருப்போம். கவுன்ட்டர் மூட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

நள்ளிரவு தாண்டிய விமானத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 15ஆம் தேதி 00.30 என்று போட்டிருந்தால் நாம் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ இல்லை, முழுசாக ஒரு நாள் தாமதம்.

அடுத்த மாதம் நாங்கள் மறுபடி சிங்கப்பூர் போகிறோம். இரவு 11.30 விமானம், சனிக்கிழமை. மேலே சொன்ன கணக்கையெல்லாம் மனைவியிடம் எழுதிக் காட்டினேன். "எல்லாம் சரிங்க, நாம ஒரு மணிக்கே கிளம்பிடுவோம்" என்றாள். பேச்சுவார்த்தை நடத்தி 3 மணிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.