எய்தவனை விட்டு அம்பைத் தண்டிக்கச் சொல்கிறார்

2025 டிசம்பர் 4, 5 தேதிகளில் ரஷ்ய அதிபர் புதின் டெல்லிக்கு வந்து போனதை ஒட்டி ஒரு கட்டுரை வெளியானது. ஆக்கிரமிப்புக் குற்றம்தான் நிரூபிக்க மிகச் சுலபமான குற்றம், ரஷ்ய டாங்கிகள் உக்ரைன் எல்லையைத் தாண்டியதை உலகமே பார்த்தது என்று அது தொடங்குகிறது. அப்படியிருந்தும் யாரும் கூண்டில் ஏறவில்லையே, ஏன்? தலைவர்கள் மட்டுமே இக்குற்றத்தைச் செய்ய முடியும் என்று சட்டத்தில் எழுதிவைத்த நிபந்தனைதான் தலைவர்களைக் காப்பாற்றுகிறதாம். அதைத் தூக்கிவிட்டால் போரில் பங்கெடுத்த எவரையும் விசாரிக்கலாமாம். அதற்கு முன்னுதாரணம் டெல்லியிலேயே இருக்கிறதாம்: 1945 செங்கோட்டை வழக்கு.

நான்கு வாதங்களும் தவறு. கடைசி வாதம் தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்ற மூன்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 121ஆம் பிரிவு பாய்ந்தது: மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம். அந்தப் பிரிவு தலைவனா, தொண்டனா என்று கேட்பதில்லை. 'யாராயினும்' என்றே தொடங்குகிறது. போர் நியாயமானதா என்றும் கேட்பதில்லை. அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தாயா, அது ஒன்றே கேள்வி. தண்டனை மரணம், இல்லையேல் ஆயுள் நாடுகடத்தல்.

கட்டுரையாளர் ஆசைப்படும் சட்டம் இதுதான். தலைமை நிபந்தனை இல்லாத சட்டம் அன்று யாரைப் பிடித்தது? சிங்கப்பூரில் 1943 அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்துப் பிரிட்டன் மீது போர் தொடுத்த சுபாஷ் சந்திர போஸ் அந்தக் கூண்டில் இல்லை. விமான விபத்தில் அவர் இறந்ததாக முன்பே அறிவிப்பு வந்திருந்தது. மூவரில் ஷா நவாஸ் அந்த அரசில் ராணுவப் பிரதிநிதியாக இருந்தவர். தலைமை நிபந்தனை அங்கே இருந்திருந்தால் அவரைப் பற்றியாவது வாதாடலாம். சாகலும் தில்லானும் முதல் நாளிலேயே வெளியே வந்திருப்பார்கள். 'யாராயினும்' என்ற சொல்லுக்கு எல்லையில்லை என்பதால், மலாயா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்து படையில் சேர்ந்த தமிழ்த் தொழிலாளியும் அதே குற்றவாளிதான். வெள்ளை அரசிடம் அத்தனை பேரையும் விசாரிக்க நேரமில்லை, அவ்வளவே.

தற்காலிக அரசு ஒன்று முறையாகப் போர் அறிவித்தால் அதன் வீரர்களை உள்நாட்டுக் குற்றவாளிகளாக நடத்தக்கூடாது என்று பூலாபாய் தேசாய் வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் விதித்தது. நாடு கொதித்ததால் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரி தொடக்கத்தில் அதை நீக்கினார். பதவி நீக்கத்தை விட்டுவைத்தார். அவர்களை மீட்டது மக்களின் கோபம், சட்டம் அல்ல. இந்த வழக்கைத் தன் பக்கத்துச் சாட்சியாக அழைக்கும் கட்டுரையாளர், தேசாய்க்கு எதிரே நின்ற அரசு வழக்கறிஞரின் இடத்தில் போய் நிற்கிறோம் என்பதைக் கவனிக்கவே இல்லை.

செங்கோட்டை வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 20 அன்று, நியூரம்பர்க்கில் வேறொரு விசாரணை தொடங்கியது. அங்கே 'அமைதிக்கு எதிரான குற்றம்' என்ற பெயரில் ஆக்கிரமிப்பு விசாரிக்கப்பட்டது. ஹிட்லரின் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பேர் அடிமை உழைப்புக்காக 20 ஆண்டுச் சிறை பெற்றார். ஆனால் அமைதிக்கு எதிரான குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். போர்கள் தொடங்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர் பதவிக்கு வந்தார். ஓடுகிற போருக்கு ஆயுதம் செய்து தருவதும், போரைத் தொடங்குவதும் ஒன்றல்ல என்றது நீதிமன்றம். 1948இல் அமெரிக்க நீதிமன்றம் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவன இயக்குநர்களையும் இக்குற்றத்திலிருந்து ஒருவர் விடாமல் விடுவித்தது. கொள்கை வகுத்தவர்களைத் தாண்டிக் கீழே இறங்கினால், ஜெர்மன் மக்களில் யார் குற்றவாளி, யார் இல்லை என்று எங்கேயும் கோடு போட முடியாது என்பதே அதன் கவலை. அவர்களில் 13 பேர் கொள்ளை, அடிமை உழைப்பு போன்ற வேறு குற்றங்களுக்காகச் சிறை சென்றார்கள். அதாவது, தலைமை நிபந்தனை யாருக்கும் பொது மன்னிப்பு வழங்கவில்லை. கிராமத்தை எரித்த சிப்பாய் எரித்ததற்காகத் தண்டிக்கப்படுவான். தொடுக்கக்கூடாத போரில் இருந்ததற்காக அல்ல.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லை தாண்டிய கணத்திலேயே சிப்பாய் குற்றவாளி என்றால், அதன்பின் அவன் கைதியைக் கொல்லாமல் விட்டும், மருத்துவமனையைச் சுடாமல் விட்டும் என்ன பயன்? போர் விதிகள் இரு தரப்புச் சிப்பாய்க்கும் சமமாகப் பொருந்துவதால்தான் அவற்றுக்கு மதிப்பு. கட்டுரையாளரின் திருத்தம் முதலில் உடைப்பது அந்தச் சமத்தைத்தான்.

இனி 'தலைவர்களைக் காப்பாற்றும் நிபந்தனை' என்ற குற்றச்சாட்டு. 2010இல் கம்பாலாவில் ரோம் சட்டத்தில் சேர்ந்த வரையறையின்படி, ஒரு நாட்டின் அரசியல் அல்லது ராணுவச் செயலைத் திறம்படக் கட்டுப்படுத்தும், அல்லது இயக்கும் நிலையில் இருப்பவரே இக்குற்றவாளி. உடந்தையாக இருந்தவருக்கும் இதே நிபந்தனை. இது காப்பாற்றுவது தலைவர் அல்லாதவரை. தலைவரைப் பெயர் சொல்லாத குறையாகச் சுட்டிக்காட்டுகிறது. இந்த நிபந்தனையால் புதின் தப்புகிறார் என்று சொல்பவர் அந்த வாக்கியத்தைப் படிக்கவில்லை. ரஷ்ய அரசைக் கட்டுப்படுத்தும் நிலையில் அவர் இல்லை என்று யார் வாதாடப்போகிறார்கள்?

இந்த நிபந்தனை மீது உண்மையான புகார் ஒன்று உண்டு; அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 1948இல் ஜெர்மானியத் தளபதிகளை விசாரித்த நீதிமன்றம் போர்க் கொள்கையை 'வடிவமைக்க அல்லது அதன்மேல் செல்வாக்குச் செலுத்த' முடிந்தவரா என்று கேட்டது. கம்பாலாவில் அது 'கட்டுப்படுத்த அல்லது இயக்க' என்று குறுகிவிட்டது. பதவியில் இல்லாமல் பின்னிருந்து போரைத் தூண்டும் தொழிலதிபருக்கும் ஆலோசகருக்கும் இந்தச் சட்டத்தில் இடம் கிடைப்பது கடினம். கோடு எங்கே என்று சண்டை போட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். கோடே வேண்டாம் என்கிறார் அவர்.

நிரூபிக்கச் சுலபம் என்பது அடுத்தது. போர்க்குற்றமும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் பிணத்திலிருந்து தொடங்கி மேலே ஏறுபவை. டெல்லியிலேயே உதாரணம் இருக்கிறது. 1984இல் பாலம் பகுதியின் ராஜ் நகரில் ஐந்து சீக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2018 டிசம்பர் 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தலைவரைச் சுட்டினார்கள். 34 ஆண்டு ஆனாலும் ஏணி இருந்தது. ஆக்கிரமிப்பில் அந்த ஏணியின் கீழ்ப்படிகளே கிடையாது. சிப்பாய்க்கும் இடைநிலை அதிகாரிக்கும் போர் முடிவான அறை தெரியாது. அவர்கள் இக்குற்றத்தில் குற்றவாளிகளும் இல்லை என்பதால், வழக்கைக் காட்டி அவர்களை அரசுத் தரப்பு சாட்சியாக்கவும் வழியில்லை. மிஞ்சுவது ஆவணம். நியூரம்பர்க்கில் அது கிடைத்தது. 1937 நவம்பரில் ஹிட்லர் தன் தளபதிகளிடம் பேசியதை அவரது உதவியாளர் ஹோஸ்பாக் எழுதிவைத்த குறிப்பு வரை வந்து சேர்ந்தது. காரணம், அந்த அரசு முற்றாகத் தோற்று அதன் கோப்பறைகள் எதிரியிடம் சிக்கின. தோற்காத அரசு தன் கோப்பறையைத் திறக்காது.

சரி, டாங்கி தாண்டியதே சாட்சி என்பாரோ? தாண்டியது முதல் கேள்விதான். அந்தச் செயல் தன்மையிலும் தீவிரத்திலும் அளவிலும் ஐ.நா. சாசனத்தை வெளிப்படையாக மீறியதா என்பது அடுத்த கேள்வி. 1971ஐ எண்ணிப் பாருங்கள். பாகிஸ்தான் விமானங்கள் டிசம்பர் 3 அன்று நம் விமானத் தளங்களைத் தாக்கும் முன்பே, நவம்பரில் இந்தியப் படை கிழக்கு எல்லையைத் தாண்டியிருந்தது. அகதிகளாக வந்தவர்களும், வங்கத்தில் நடந்த படுகொலையும் நம் பதில். ஐ.நா. பொதுச்சபையோ டிசம்பர் 7 அன்று 104க்கு 11 என்ற வாக்கில் போர்நிறுத்தமும் படை விலகலும் கோரியது. தாண்டியதே குற்றம் என்றால் இந்திரா காந்தி குற்றவாளி. தலைமை நிபந்தனையும் இல்லையென்றால் தாண்டிய ஒவ்வொரு ஜவானும் குற்றவாளி. கட்டுரையாளர் இதற்குக் கையெழுத்திடுவாரா? டோக்கியோ தீர்ப்பாயத்தில் அத்தனை ஜப்பானியத் தலைவர்களையும் விடுவிக்கச் சொன்ன ராதாவினோத் பாலின் தயக்கமும் இங்கேதான் இருந்தது: ஆக்கிரமிப்பு எது என்று வரையறுக்காமல் வென்றவர் தோற்றவரை எப்படித் தண்டிப்பது? வரையறை இப்போது வந்துவிட்டது. ஆனால் ஒரு மனிதரைத் தண்டிக்க முதலில் ஒரு நாட்டையே குற்றவாளி என்று தீர்மானிக்க வேண்டிய சுமை குறையவில்லை.

கடைசியாக, டெல்லியில் ஏன் கைது இல்லை? புதின் மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச் 17 அன்று பிறப்பித்த பிடியாணை ஆக்கிரமிப்புக்காக அல்ல. உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோன போர்க்குற்றத்துக்காக. போர்க்குற்றம் உக்ரைன் மண்ணில் நடந்தால், உக்ரைனின் சம்மதம் போதும். ஆக்கிரமிப்புக்கு அப்படியல்ல. உறுப்பினர் அல்லாத நாட்டின் குடிமக்கள் மீது, பாதுகாப்பு சபை அனுப்பினாலன்றி, அந்த நீதிமன்றம் கை வைக்க முடியாது என்று கம்பாலாவில் எழுதிவிட்டார்கள். பாதுகாப்பு சபையில் ரஷ்யாவுக்கு வீட்டோ. இந்தியாவும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் அல்ல. நம் சட்டத்தில் 1960இன் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் எந்த நாட்டவர் செய்த கடும் போர்க்குற்றத்தையும் விசாரிக்க இடம் தருகிறது, மத்திய அரசு புகார் கொடுத்தால். ஆக்கிரமிப்புக்கு நம்மிடம் ஒரு வரிகூடக் கிடையாது. இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று சஜ்ஜன் குமார் தீர்ப்பிலேயே நீதிபதி முரளிதர் சுட்டினார். அவற்றுக்கே அந்த நிலை.

எல்லாவற்றுக்கும் மேலே பதவி விலக்கு நிற்கிறது. பதவியில் இருக்கும் அதிபரையும் பிரதமரையும் வெளியுறவு அமைச்சரையும் வேறொரு நாட்டு நீதிமன்றம் தொடமுடியாது. உக்ரைனுக்காக ஐரோப்பிய கவுன்சில் 2025 ஜூன் 25 அன்று ஒப்பந்தமிட்ட தனித் தீர்ப்பாயமும் இந்த மூவரையும் பதவியில் இருக்கும்வரை கூண்டில் ஏற்றாது. முரண் இதுதான்: தலைவர்கள் மட்டுமே செய்யக்கூடிய குற்றம் இது, பதவி விலக்கு பாதுகாப்பதும் அதே தலைவர்களைத்தான்.

ஆகவே கட்டுரையாளரின் கோபத்துக்கு உரிய இடங்கள் மூன்று: உறுப்பினர் அல்லாதவருக்குக் கம்பாலா தந்த விலக்கு, பாதுகாப்பு சபையின் வீட்டோ, பதவி விலக்கு. இவை மூன்றையும் தொடாமல் தலைமை நிபந்தனையை மட்டும் நீக்கினால் புதின் இன்றிருக்கும் இடத்திலேயே இருப்பார். அவர் அனுப்பிய பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் கூண்டில் நிற்பான். எய்தவன் இருக்க அம்பை நோவது முட்டாள்தனம் என்று நம்மூரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அதையே சட்டத் திருத்தமாக எழுதிக் கொடுக்க ஒரு கட்டுரையாளர் வேண்டியிருந்தது.