தேயிலைப் பெட்டியின்மேல் தமிழ்க் கொலை

ஆங்கில விளம்பரத்தில் நான்கு சொல் இருந்தால், நான்கு தமிழ்ச் சொற்களை அடுக்கிவைத்து அதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயரிடுகிறார்கள். தமிழர் இதை ஏன் பொறுக்க வேண்டும்?

1890-இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய மளிகை வியாபாரி தாமஸ் லிப்டன், தம் சரக்கை 'டைரக்ட் பிரம் தி டீ கார்டன்ஸ் டு தி டீபாட்' என்று பறைசாற்றினார். இதனைத் 'தேயிலைத் தோட்டங்களிலிருந்து நேரடியாகத் தேநீர்ப் பாத்திரத்திற்கு' என்று பெயர்த்தால் அகராதி குற்றம் சொல்லாது. கோலா தெர்லாவில் கொழுந்து பறிப்பவளோ நகைப்பாள். பறித்த கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வாடி, உருட்டப்பட்டு, புளித்து, உலர்ந்து, சலிக்கப்பட்ட பின்னரே தூளாகிறது என்பதை அவள் அறிவாள். நேரடியாகப் பாத்திரத்தில் விழுவது பச்சைத் தழையன்றோ!

லிப்டன் சொன்ன 'நேர்' வேறு. நடுவே தரகனுக்குப் பங்கில்லை, ஆகவே விலை மலிவு என்னும் வியாபாரியின் மிடுக்கு அது. (தரகனை நீக்கிய வாசகம் பறித்தவளையும் நீக்கிற்று, அது தனி வழக்கு.) 'டீ' என்று இருமுறை தட்டும் ஓசையும் அம்மிடுக்கைச் சேர்ந்ததே. 'பாத்திரத்திற்கு' என்று இழுக்கையில் அது மாண்டுபோகிறது.

'பள்ளிக்கூடம் விட்டால் வீடு' என்கிறோமே, அந்த நடையை எடுத்தாலென்ன? 'தோட்டம் விட்டால் உங்கள் வீடு.' 'நேர்' என்ற சொல் இதில் இல்லை. நடுவே எவருமில்லை என்ற பொருள் உண்டு. ஆங்கிலத்தில் 'டீ' தட்டிய இடத்தில் நம் டகரம் தட்டுகிறது. தேயிலை என்ற சொல் போயிற்றே எனில், பெட்டியின் மேல் அச்சரக்கின் பெயர் இருக்கவே இருக்கிறது. பத்திரிகையில் வெளியிடும்போது மட்டும் அப்பெயரை மேலே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதியவர் அதனை அச்சுக்கு அனுப்புமுன் கடைத்தெருவில் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். 'இதற்கு இங்கிலீசில் என்ன?' என்று அவர் வினவினால், அத்தாளைக் கிழித்துவிடட்டும்.