25 சென்ட் நிலம்... பாலித்தீன் குடிலா, நிழல்வலையா?

"மதுரைப் பக்கம் 25 சென்ட் இடம் இருக்கிறது. குடைமிளகாய் போட பசுமைக்குடில் அமைக்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த வாரம் அவருக்கான பதில்.

முதலில் செலவு. 25 சென்ட் என்பது சுமார் 1,000 சதுர மீட்டர். மத்திய அரசின் தோட்டக்கலைத் திட்டத்துக்கு 2014-ல் வந்த வழிகாட்டுதல்படி, இரும்புக் குழாயில் அமைக்கும் நிழல்வலைக்குடிலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 710 ரூபாய். இயற்கைக் காற்றோட்டம் உள்ள பாலித்தீன் குடிலுக்கு, இந்த அளவு இடத்தில் 935 ரூபாய். இரண்டுக்கும் பாதி மானியம். அதாவது நிழல்வலைக்கு மொத்தம் 7.10 லட்சம், நம் பங்கு 3.55 லட்சம். பாலித்தீனுக்கு மொத்தம் 9.35 லட்சம், நம் பங்கு 4.67 லட்சம்.

பிறகு இந்த விகிதங்கள் மாறியிருக்கின்றன. அதனால் இன்றைய கணக்கை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர் இதைவிடக் கூடுதலாக விலை சொன்னால், அந்தக் கூடுதல் முழுக்க உங்கள் பணம்தான். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்து, ஆய்வு நடந்த பிறகே வரும். ஆகவே முழுத்தொகையையும் முதலில் புரட்டியாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும், "இன்னும் ஒரு லட்சம்தானே, பாலித்தீனே போட்டுவிடலாம்" என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

சூடு எந்த வழியாக வெளியேறும்?

பாலித்தீன் ஷீட் வெயிலை உள்ளே விடும், உள்ளே சேரும் சூட்டை எளிதில் வெளியே விடாது. சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேற கூரை உச்சியில் நீளவாக்கில் திறப்பு இருக்க வேண்டும். கீழே குளிர்ந்த காற்று நுழைய, பக்கவாட்டுத் திரைகளைச் சுருட்டி ஏற்றும் வசதி வேண்டும். உச்சித் திறப்பு பலத்த காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே கடக்கும் காற்று உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துச் செல்லும். திசை மாறிப்போனால் ஆடிக்காற்று உள்ளே புகுந்து ஷீட்டையே தூக்கிவிடும்.

திறப்புகளில் பூச்சி வராமல் கட்டும் நெருக்கமான வலையும் காற்றைத் தடுக்கும். அதில் தூசி அடைந்தால் இன்னும் மோசம். அவ்வப்போது கழுவ வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், மின்விசிறியும் ஈரத்திரையும் இல்லாத குடில் உச்சி வெயிலில் வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்காது. குடைமிளகாய்க்கு 25 டிகிரியை ஒட்டிய பகல் வெப்பம் சுகம். 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். ஓசூர், தளி பக்கம் பாலித்தீன் குடிலில் குடைமிளகாய் நன்றாக வருவதற்குக் காரணம் அந்த மேட்டுநிலத்தின் குளுமை. மதுரையின் சித்திரை வெயிலில் அதே குடில், அதே விதை, அதே உழைப்பு இருந்தும் காய் பிடிக்காமல் போகலாம்.

சமவெளிக்கு எது சரி?

நிழல்வலைதான். வலைக்கண் வழியே சூடு வெளியேறிவிடும். ஆனால் எத்தனை சதவிகித வலை என்பதைப் பயிர்தான் முடிவு செய்யும். 50 சதவிகித வலை வெயிலில் பாதியைத் தடுக்கும். குழித்தட்டில் தக்காளி, மிளகாய், கத்திரி நாற்று வளர்க்கவும், கோடையில் கொத்தமல்லி, கீரை எடுக்கவும் அது ஏற்றது. அதே வலைக்குள் தக்காளியைக் காய்க்க விட்டால், செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீளும், காய் குறையும். காய்க்கும் பயிர் என்றால் 35 சதவிகித வலை போதும்.

இன்னொன்று, தேனீ. பூச்சி புகாதபடி சுற்றிலும் மூடிய குடிலில் பாகல், பீர்க்கு போட்டால் பூ நிறைய பூக்கும், பிஞ்சு வெம்பி விழும். மகரந்தம் சேர்க்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். வெள்ளரியில் மட்டும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வீரிய ரகங்கள் உண்டு. விதை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

மதுரை வாசகருக்கு என் பதில்: குடைமிளகாயை விட்டுவிடுங்கள். 50 சதவிகித நிழல்வலையில் நாற்றும் கொத்தமல்லியும் எடுங்கள். அதற்கும் முன்பு, சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் குழித்தட்டு நாற்று வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். தக்காளி நாற்று சுமார் 25 நாளில் தயாராகிவிடும். அந்த வாரமே வாங்க ஆள் இல்லையென்றால் நாற்று முற்றிவிடும்.

இப்போதே குடில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. செடியின் உயரத்தில், வெயில் நேரடியாகப் படாதபடி ஒரு வெப்பமானியைக் கட்டுங்கள். இன்னொன்றை வெளியே மரநிழலில் கட்டுங்கள். மதியம் 2 மணிக்கு இரண்டையும் பாருங்கள். உள்ளே ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருந்தால் உரத்தையும் மருந்தையும் மாற்றிப் பயனில்லை. முதலில் காற்றுக்கு வழி விடுங்கள்.